142 எப்படி 158-ஐ முந்தியது?

கேள்வி: வணக்கம் ஐயா. என் மகள் ஜே.இ.இ. மெயின் ஜனவரித் தேர்வு எழுதினாள். இறுதி விடைக்குறிப்பை வைத்துப் பார்த்ததில் 41 சரி, 22 தவறு, ஆக 142 மதிப்பெண். பர்சென்டைல் 97.5 வந்திருக்கிறது. வேறொரு நாள் எழுதிய அவளுடைய தோழிக்கு 158 மதிப்பெண், ஆனால் 96.8-தான். அந்தப் பிள்ளையின் அப்பா இது அநியாயம் என்கிறார், எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. என் மகளுக்குப் பாடவாரியாகக் கணிதம் 96.1, இயற்பியல் 95.4, வேதியியல் 93.2. எதுவுமே 97-ஐத் தொடாதபோது மொத்தம் மட்டும் எப்படி 97.5 ஆனது? அவள் ஷிஃப்டில் ஒரு கேள்வியை நீக்கிவிட்டு எல்லோருக்கும் 4 மதிப்பெண் போட்டார்களாம். அதனால் அவளுக்கு லாபமா? இதை வைத்து ரேங்க் கணக்குப் போடலாமா? ஏப்ரலில் மறுபடியும் எழுதச் சொல்லட்டுமா?
— ஒரு தந்தை, திருச்சி

பதில்:

வணக்கம். தோழியின் அப்பாவுக்குச் சொல்ல வேண்டிய பதிலிலிருந்து தொடங்குகிறேன். மற்ற கேள்விகளுக்கான விடையும் அதிலிருந்துதான் வருகிறது.

தேசியத் தேர்வு முகமை தரும் பர்சென்டைலில் உங்கள் மகளின் 142 எங்கேயும் எண்ணாக நுழைவதில்லை. அந்த 142-ஐ வைத்து, அவளோடு அதே ஷிஃப்டில் உட்கார்ந்தவர்களை வரிசைப்படுத்துகிறார்கள். அந்த வரிசையில் அவள் நிற்கும் இடம் மட்டுமே கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. சூத்திரம் இதுதான்:

பர்சென்டைல் = 100 × (அதே ஷிஃப்டில் உங்கள் மதிப்பெண்ணுக்குச் சமமாகவோ குறைவாகவோ பெற்றவர்கள்) ÷ (அந்த ஷிஃப்டில் தேர்வெழுதிய மொத்தப் பேர்)

ஒவ்வொரு ஷிஃப்டின் உண்மையான எண்ணிக்கை என்னிடம் இல்லாததால், கணக்கு புரிவதற்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். உங்கள் மகளின் ஷிஃப்டில் 1,25,000 பேர் எழுதினார்கள், அவர்களில் 142-க்கு மேல் எடுத்தவர்கள் 3,125 பேர் என்று வைத்துக்கொள்வோம். மிச்சமுள்ள 1,21,875 பேர் அவளுக்குச் சமமாகவோ கீழாகவோ இருக்கிறார்கள். 1,21,875-ஐ 1,25,000-ஆல் வகுத்து 100-ஆல் பெருக்கினால் 97.5. தோழியின் ஷிஃப்டில் 1,30,000 பேர், 158-க்கு மேல் எடுத்தவர்கள் 4,160 பேர். மிச்சம் 1,25,840. வகுத்துப் பெருக்கினால் 96.8.

158 எடுத்தும் அந்தப் பிள்ளைக்கு முன்னால் 4,160 பேர் நிற்கிறார்கள். உங்கள் மகளுக்கு முன்னால் 3,125 பேர்தான். முதல் ஷிஃப்டின் தாள் கடினம், எல்லோருடைய மதிப்பெண்ணும் இறங்கியது, அதில் 142 எடுப்பதே அரிதாக இருந்தது. இரண்டாவது தாள் எளிது, 158-ஐத் தாண்டியவர்கள் நிறைய.

இங்கே பலரும் கேட்பது ஒன்று உண்டு. ஒரு தாள் சராசரியாக 10 மதிப்பெண் எளிது என்றால், அந்த ஷிஃப்டில் எழுதியவர்களுக்கு 10 மதிப்பெண்ணைக் கழித்துவிட்டுப் போகலாமே, இவ்வளவு சுற்று எதற்கு? அப்படியே செய்து பார்ப்போம். முதல் ஷிஃப்டின் சராசரி 58, இரண்டாவதன் சராசரி 68 என்று கொள்ளுங்கள். தோழியின் 158-இலிருந்து 10-ஐக் கழித்தால் 148. அவள் உங்கள் மகளைவிட 6 மதிப்பெண் முன்னால் வந்துவிடுவாள். பர்சென்டைலோ நேர்மாறாகச் சொல்கிறது.

எது சரி என்று தெரிய, உங்கள் மகளின் 97.5 தோழியின் ஷிஃப்டில் எந்த மதிப்பெண்ணுக்குச் சமம் என்று தேடிப் பாருங்கள். அங்கே 97.5 பெற வேண்டுமானால் மேலே 3,250 பேர்தான் இருக்கலாம். 158-க்கு மேல் 4,160 பேர் இருக்கிறார்கள், எனவே இன்னும் 910 பேரைத் தாண்ட வேண்டும். அந்தப் பகுதியில் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் சுமார் 130 பேர் இருப்பதாகக் கொண்டால், 7 மதிப்பெண் ஏற வேண்டும். ஆக 165. உங்கள் மகளின் 142, அந்த எளிய தாளில் 165-க்குச் சமம். சராசரியில் 10 மதிப்பெண்ணாக இருந்த இடைவெளி மேல்பகுதியில் 23 ஆகிவிட்டது.

இப்படி ஆவதற்குத் தாளின் அமைப்புதான் காரணம். நடுத்தர மதிப்பெண் எடுப்பவர்கள் பெரும்பாலும் நேரடியான கேள்விகளில் மதிப்பெண் சேர்க்கிறார்கள். தாள் கடினமாகும்போது மாறுவது பெரும்பாலும் இரண்டு மூன்று படிகள் யோசிக்க வேண்டிய கேள்விகள். அவற்றை நடுத்தர மாணவர் இரண்டு தாளிலும் போட்டிருக்க மாட்டார், அதனால் அவருக்குப் பெரிய இழப்பில்லை. மேல்வரிசையில் இருப்பவரோ எளிய தாளில் போட்டிருக்கக்கூடிய கணக்குகளைக் கடினமான தாளில் இழக்கிறார். எல்லோருக்கும் ஒரே அளவாகக் கூட்டுவதோ கழிப்பதோ இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதே இல்லை. வரிசையில் இருக்கும் இடத்தை மட்டும் எடுத்துக்கொள்ளும்போது, தாள் எந்தப் பகுதியில் எவ்வளவு கடினம் என்பதை யாரும் ஊகிக்க வேண்டியதில்லை. மதிப்பெண்கள் எப்படிப் பரவிக் கிடந்தாலும் முறை ஒன்றுதான். அதனால்தான் இந்தத் தேர்வுக்கு இது பொருத்தமான முறை என்று நான் உறுதியாகச் சொல்கிறேன். தோழியின் தந்தையிடமும் இந்த 165 கணக்கையே போட்டுக் காட்டுங்கள்.

ஆனால் இந்த முறை ஒரே ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. இரண்டு ஷிஃப்டிலும் உட்கார்ந்த கூட்டம் திறமையில் ஏறக்குறைய ஒன்றாக இருக்க வேண்டும். ஒரு ஷிஃப்டில் கெட்டிக்காரப் பிள்ளைகள் அதிகம் சேர்ந்துவிட்டால், அங்கே எல்லோருடைய பர்சென்டைலும் இறங்கும். தாள் கடினமா, கூட்டம் கெட்டியா என்று சூத்திரத்துக்குப் பிரித்தறியத் தெரியாது. இதற்காகத்தான் மாணவர்களை ஷிஃப்டுகளுக்குக் குலுக்கல் முறையில் பகிர்ந்து, எண்ணிக்கையும் ஏறக்குறைய சமமாக இருக்கும்படி வைப்பதாகத் தேர்வு முகமை தன் விதிமுறையிலேயே எழுதியிருக்கிறது.

குலுக்கிப் போட்டாலும் கொஞ்சம் ஏற்றத்தாழ்வு இருக்கத்தானே செய்யும்? இருக்கும், அது எவ்வளவு என்று கணக்கிடவும் முடியும். நாடு முழுக்க உள்ள மாணவர்களில் முதல் 2.5 சதவீதத்துக்குள் வரக்கூடிய பிள்ளைகள் 1,25,000 பேர் கொண்ட ஒரு ஷிஃப்டில் 3,125 பேர் இருக்க வேண்டும். குலுக்கலில் இந்த எண் வழக்கமாக 110 வரை கூடவோ குறையவோ செய்யலாம். 110 பேர் என்பது அந்த ஷிஃப்டில் 0.09 சதவீதம். அதாவது உங்கள் மகளின் 97.5-ஐ 97.41-க்கும் 97.59-க்கும் இடையில் எங்கோ இருப்பதாகப் படித்துக்கொள்ளலாம். தோழியின் 96.8-க்கும் கிட்டத்தட்ட அதே அளவு ஊசலாட்டம். இருவருக்கும் நடுவில் உள்ள 0.7 என்ற வித்தியாசம் இந்த ஊசலாட்டத்தைவிடப் பல மடங்கு பெரியது. எனவே உங்கள் மகள் முன்னால் இருப்பதற்கு ஷிஃப்டு குலுக்கலின் அதிர்ஷ்டத்தைக் காரணமாகச் சொல்ல முடியாது.

அதே சமயம், 97.50 பெற்ற ஒருவரும் 97.45 பெற்ற ஒருவரும் வெவ்வேறு ஷிஃப்டுகளில் எழுதியிருந்தால், யார் மேல் என்று இந்த முறையால் நியாயமாகச் சொல்ல முடியாது. ஆனால் ரேங்க் பட்டியல் சொல்லிவிடும், அதுவும் 700-க்கும் மேற்பட்ட இடங்கள் தள்ளி வைத்து. என்னைப் பொறுத்தவரை இதுதான் பல ஷிஃப்டுத் தேர்வுகளின் உண்மையான குறை. முறை தவறில்லை, அதன் விடையை அது தாங்கக்கூடியதைவிட நுணுக்கமாகப் பயன்படுத்துகிறார்கள். பர்சென்டைலை 7 தசம இடங்களுக்குக் கணக்கிடுவது துல்லியம் கூடியதற்கான அடையாளம் என்று நினைத்துவிடாதீர்கள். லட்சக்கணக்கானோர் ஒரே எண்ணில் குவிந்துவிடாமல் இருக்க அது ஓர் ஏற்பாடு, அவ்வளவுதான். 1,25,000 பேர் உள்ள ஷிஃப்டில் ஒரு மாணவரின் இடம் 0.0008-க்குச் சமம். எனவே நான்காவது தசமத்துக்கு அப்பால் இருப்பதெல்லாம் வகுத்தலில் விழுந்த மிச்சம்.

ஷிஃப்டு சிறியதாக இருந்தால் நிலைமை மோசம். ஒரு தேர்வை ஒவ்வொரு ஷிஃப்டிலும் 500 பேர் மட்டும் எழுதுகிறார்கள் என்று வையுங்கள். முதல் 2.5 சதவீதம் என்றால் 12 அல்லது 13 பேர். குலுக்கலில் இது 6 ஆகவும் ஆகலாம், 19 ஆகவும் ஆகலாம். பர்சென்டைலில் ஏறக்குறைய 1.4 அளவு ஊசலாட்டம். அங்கே 97.5-க்கும் 96.8-க்கும் வித்தியாசமே கிடையாது. உங்கள் பிள்ளை வேறு நுழைவுத்தேர்வு எழுதும்போது அது பல ஷிஃப்டில் நடக்கிறதா என்பதோடு, ஒரு ஷிஃப்டுக்கு எத்தனை பேர் என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். பல்லாயிரம் பேர் என்றால் நம்பலாம். சில நூறு பேர் என்றால், ஒரே தாளில் எல்லோரையும் எழுத வைப்பதே நியாயம்.

நீட் முதுநிலைத் தேர்வு 2024-இல் இரண்டு ஷிஃப்டாக நடந்தது. 2025-இல் அதை ஒரே ஷிஃப்டில் நடத்த வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2025 மே 30 அன்று உத்தரவிட்டு, ஆகஸ்ட் 3 அன்று அப்படியே நடந்தது. ஜே.இ.இ. மெயினில் அது எளிதில்லை. கணினியில் எழுதும் தேர்வு அது. 2025 ஜனவரியில் மட்டும் பி.இ., பி.டெக். தாளை எழுதியவர்கள் 12,58,136 பேர். அத்தனை பேருக்கும் ஒரே நேரத்தில் கணினி வேண்டும். அந்த முறை 5 நாளில், நாளுக்கு இரண்டாக, 10 ஷிஃப்டுகளில் நடத்தினார்கள்.

இனி பாடவாரியான எண்கள். மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 94.9 வருகிறது, சான்றிதழில் 97.5 இருக்கிறது, எங்கோ தவறு என்று நீங்கள் நினைத்திருக்கலாம். தவறு இல்லை. பர்சென்டைல்களைக் கூட்டக் கூடாது, சராசரி எடுக்கவும் கூடாது. கணிதத்தில் 96.1 என்றால் 3.9 சதவீதம் பேர் அவளைவிட மேலே. இயற்பியலில் 4.6 சதவீதம் பேர், வேதியியலில் 6.8 சதவீதம் பேர். ஆனால் இந்த மூன்று கூட்டத்திலும் இருப்பவர்கள் ஒரே ஆட்கள் அல்லர். கணிதத்தில் அவளை முந்திய பலர் வேதியியலில் அவளுக்குப் பின்னால் போயிருப்பார்கள். மூன்றையும் சேர்த்த மதிப்பெண்ணில் அவளை முந்த வேண்டுமானால் ஒரு பாடத்தில் எடுத்த முன்னிலையை இன்னொன்றில் விட்டுவிடாமல் இருக்க வேண்டும். அப்படிப்பட்டவர்கள் குறைவு. மூன்று பாடத்திலும் சமமாக நிற்கும் பிள்ளைகளுக்கு மொத்தப் பர்சென்டைல் பாடப் பர்சென்டைல்களைவிட உயர்ந்து வருவது இதனால்தான். ஒரு பாடத்தில் 99.5, இன்னொன்றில் 80 என்று இருப்பவர்களுக்கு என்ன வரும் என்று பொதுவாகச் சொல்ல முடியாது. அந்தந்தத் தாளில் எத்தனை மதிப்பெண் வித்தியாசம் என்பதைப் பொறுத்தது.

இந்த இடத்தில் பெற்றோர் யாரும் கேட்காத, ஆனால் கேட்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கிறது. மொத்தப் பர்சென்டைல் எப்படி வருகிறது? மூன்று பாடத்தின் மதிப்பெண்ணை முதலில் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையை வைத்துத்தான் வரிசை போடுகிறார்கள். பாடங்களைத் தனித்தனியாகச் சமன் செய்துவிட்டுக் கூட்டுவதில்லை. எனவே ஒரு ஷிஃப்டின் மொத்தக் கடினம் சரி செய்யப்படுகிறது, பாடங்களுக்கு இடையிலான கடினம் சரி செய்யப்படுவதில்லை.

ஒரு ஷிஃப்டில் கணிதம் மிகக் கடினமாக வந்துவிட்டது என்று வையுங்கள். சுமாரான மாணவர் 12 எடுக்கிறார், கணிதத்தில் கெட்டிக்காரர் மிகவும் போராடி 36 எடுக்கிறார். இடைவெளி 24. அதே தாளில் வேதியியல் எளிது. அங்கே சுமாரானவருக்கு 30, புத்தகத்தை வரி விடாமல் படித்தவருக்கு 80. இடைவெளி 50. மொத்தத்தைக் கூட்டும்போது வேதியியலில் கிடைத்த 50 மதிப்பெண் முன்னிலை, கணிதத்தில் கிடைத்த 24-ஐ அமுக்கிவிடும். இன்னொரு ஷிஃப்டில் கணிதம் நடுத்தரமாக வந்திருந்தால் அதே கணிதக்காரர் 75 எடுத்து மேலே போயிருப்பார். பர்சென்டைல் முறை இதைக் கண்டுகொள்ளாது, கண்டுகொள்ளவும் அதற்கு வழியில்லை. எல்லா ஷிஃப்டுகளிலும் பாடங்களின் கடினம் ஒரே விகிதத்தில் இருக்கும்படி கேள்வித்தாளைத் தயாரிப்பவர்கள்தான் இதைச் சரி செய்ய முடியும்.

உங்கள் மகளுக்கு இது பாதகமாக இருந்ததா என்று தெரிய, பாடவாரியான மதிப்பெண்ணையும் பாடவாரியான பர்சென்டைலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். குறைந்த மதிப்பெண்ணுக்கு அதிகப் பர்சென்டைல் கிடைத்த பாடம் அந்த ஷிஃப்டில் கடினமாக வந்த பாடம். அது அவளுடைய பலமான பாடமாகவும் இருந்தால், ஷிஃப்டு அவளுக்குச் சாதகமாக இல்லை என்று அர்த்தம். ஏப்ரல் முடிவெடுக்கும்போது இந்தத் தகவல் உதவும்.

நீக்கப்பட்ட கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எல்லோருக்கும் 4 மதிப்பெண் என்றால் யாருக்கும் எதுவும் கிடைக்கவில்லை, வரிசை அப்படியே இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தக் கேள்விக்கு முதலில் வெளியிட்ட விடையின்படி ஒவ்வொருவருக்கும் ஏற்கெனவே ஒரு மதிப்பெண் இருந்தது. சரி என்றவருக்கு 4, தொடாதவருக்கு 0, தவறு என்றவருக்கு கழித்தல் 1. இப்போது எல்லோருக்கும் 4. உங்கள் மகள் முதல் விடைக்குறிப்பின்படி அதைச் சரியாகப் போட்டிருந்தால் அவளுடைய 142 அப்படியே நிற்கும். 139-இல் இருந்து அதைத் தவறாகப் போட்டிருந்தவருக்கு 5 கூடி 144 ஆகி அவளைத் தாண்டிவிடுவார். அவள் தவறாகவோ போடாமலோ விட்டிருந்தால் அவளுக்கு லாபம். அவளுடைய விடைத்தாள் பதிவில் அந்தக் கேள்வி எண்ணைப் பார்த்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும். இந்த மாற்றம் எல்லாமே அவளுடைய ஷிஃப்டுக்குள்ளேயே நடப்பது. மற்ற ஷிஃப்டுக்காரர்களைவிட அவர்களுக்கு 4 மதிப்பெண் கூடுதலாகக் கிடைத்துவிட்டது என்று சிலர் சொல்வார்கள். அது சரியில்லை, ஏனென்றால் இரண்டு ஷிஃப்டின் மதிப்பெண்களை யாரும் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதே இல்லை.

ரேங்க் கணக்குக்கு வருவோம். எல்லோரும் பயன்படுத்தும் வழி, 100-இலிருந்து பர்சென்டைலைக் கழித்து, அந்தச் சதவீதத்தை மொத்தத் தேர்வர் எண்ணிக்கையால் பெருக்குவது. 2025-இல் ஜனவரி, ஏப்ரல் இரண்டையும் சேர்த்துத் தேர்வெழுதிய தனி நபர்கள் 14,75,103 பேர். அதில் 2.5 சதவீதம் ஏறக்குறைய 36,900. இந்த எண்ணை உத்தேசமாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அந்த ஆண்டு ஜே.இ.இ. அட்வான்ஸ்டு தேர்வுக்குத் தகுதி பெறப் பொதுப்பிரிவுக் கட்டாஃப் 93.1023262. இதே வழியில் கணக்குப் போட்டால் அந்த இடத்தில் ரேங்க் 1,01,700 அளவில் வர வேண்டும். ஆனால் அந்தக் கட்டாஃப் வரை பொதுப் பட்டியலில் இடம்பெற்றவர்கள் 97,321 பேர்தான். நாலாயிரத்துக்கு மேல் பிசகு.

பிசகுக்குக் காரணம் இரண்டு அமர்வுகளை ஒன்றாக்குவதில் இருக்கிறது. ஏப்ரலில் 9,92,350 பேர் எழுதினார்கள். இரண்டையும் எழுதியவர்கள் 7,75,383 பேர். இரண்டு முறை எழுதியவருக்கு எது அதிகமோ அதை எடுத்துக்கொண்டு, அதன் பிறகு எல்லோரையும் ஒரே பட்டியலில் அடுக்குகிறார்கள். ஜனவரியின் முதல் 2.5 சதவீதம் ஏறக்குறைய 31,450 பேர், ஏப்ரலின் முதல் 2.5 சதவீதம் 24,800 பேர். இரண்டிலும் இருப்பது எத்தனை பேர் என்பதைப் பொறுத்து, 97.5-க்கு மேல் இருப்போரின் எண்ணிக்கை மாறும். ஜனவரி முடிவு மட்டும் கையில் இருக்கும்போது இதை யாராலும் சரியாகச் சொல்ல முடியாது. ஏப்ரலுக்குப் பிறகு வரும் அகில இந்திய ரேங்குதான் கலந்தாய்வுக்குப் பயன்படும். அதுவரை 36,900-க்கு இரு பக்கமும் சில ஆயிரம் விட்டு வைத்து, கல்லூரிப் பட்டியலை அகலமாக யோசியுங்கள். மொத்தத்தில் சமமாக நிற்பவர்களைப் பிரிக்க முதலில் கணிதப் பர்சென்டைல், அடுத்து இயற்பியல், அடுத்து வேதியியல் என்று பார்ப்பார்கள்.

இணையத்தில் இத்தனை மதிப்பெண்ணுக்கு இத்தனை பர்சென்டைல் என்று சுற்றும் அட்டவணைகளை வைத்துக் குழம்ப வேண்டாம். ஒவ்வொரு ஷிஃப்டின் மதிப்பெண் பரவலையும் தேர்வு முகமை வெளியிடுவதில்லை. மாணவர்கள் தாங்களாக அனுப்பும் எண்களை வைத்து அவற்றைத் தயாரிக்கிறார்கள். அப்படி அனுப்புகிறவர்களில் நன்றாக எழுதியவர்களே அதிகம். அதோடு பல ஷிஃப்டுகளை ஒன்றாகக் கலந்துவிடுகிறார்கள். உங்கள் மகளுக்கும் தோழிக்கும் இடையில் பார்த்த 23 மதிப்பெண் வித்தியாசம் அந்த மாதிரி அட்டவணையில் காணாமல் போய்விடும்.

ஏப்ரலில் எழுதச் சொல்லுங்கள். இரண்டில் மொத்தப் பர்சென்டைல் எது அதிகமோ அதுதான் நிற்கும் என்பதால் இழப்பதற்கு ஒன்றுமில்லை. ஜனவரியின் கணிதத்தையும் ஏப்ரலின் வேதியியலையும் ஒட்டிப் புதிய மொத்தம் தரமாட்டார்கள், அதை மட்டும் நினைவில் வையுங்கள். ஏப்ரல் கூட்டம் ஜனவரிக் கூட்டம்போல் இருக்காது. ஜனவரியில் திருப்தியானவர்கள் சிலர் வரமாட்டார்கள், பொதுத்தேர்வு முடித்துப் புதிதாகச் சிலர் வருவார்கள். எந்தப் பக்கம் சாயும் என்று கணித்து அதற்கேற்பத் திட்டம் போட முடியாது, முயலவும் வேண்டாம்.

கவனிக்க வேண்டியது அந்த 22 தவறுகளை. அவள் நிற்கும் பகுதியில் ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் சுமார் 110 பேர் இருப்பதாகக் கொண்டால், தவறாகப் போட்ட ஒரு கேள்வியைச் சரியாகப் போட்டிருந்தால் 5 மதிப்பெண் கூடி 550 பேரைத் தாண்டியிருப்பாள். பர்சென்டைலில் அது 0.44. குலுக்கலில் எந்த ஷிஃப்டு விழுந்தது என்பதால் வரக்கூடிய 0.09-ஐவிட இது ஏறக்குறைய ஐந்து மடங்கு. விடைத்தாள் பதிவைத் திறந்து அந்த 22-ஐயும் மூன்றாகப் பிரிக்கச் சொல்லுங்கள்: வழி தெரிந்தும் கணக்கில் சறுக்கியவை, இரண்டு விடைகளுக்கு நடுவில் தடுமாறியவை, எதுவும் தெரியாமல் போட்டவை. முதல் வகையில் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். ஏப்ரலுக்குள் திருத்தக்கூடியது அதுதான். அந்த வகையில் 4 கேள்வி இருந்து அவை சரியானால் 20 மதிப்பெண் கூடுகிறது, அவளுடைய ஷிஃப்டுக் கணக்கில் 142 என்பது 162 ஆகிறது. மேலே போகப் போக ஒவ்வொரு மதிப்பெண்ணிலும் ஆட்கள் குறைவதால் பர்சென்டைல் அதே வேகத்தில் ஏறாது. ஆனாலும் 98.5-ஐத் தாண்டிவிட வாய்ப்புண்டு.